டூயல் பிளஷ் டேங்கில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஷ் டேங்க் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: பட்டனை அழுத்திய பிறகு தண்ணீர் நிற்பதே இல்லை. பலர் முதலில் கடைக்குப் போய் ஏதோ ஒரு பாகத்தை வாங்கி மாட்டிவிடுகிறார்கள், அதற்குப் பிறகும் ஓடினால்தான் கேட்கிறார்கள். தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் வாங்க வேண்டியது என்ன என்பது தானாகத் தெரிந்துவிடும். அதனால் கண்டுபிடிக்கும் முறைக்கே கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பிளஷ் பண்ணி முடிச்ச பிறகும் தண்ணி சத்தம் கேக்குது. எவ்வளவு நேரம் வரைக்கும் சரி?

காலியான டேங்க் மறுபடி நிரம்ப வேண்டும், அந்தச் சத்தம் இருக்கத்தான் செய்யும். குழாயில் வரும் அழுத்தத்தைப் பொறுத்து ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் வரை ஆகலாம். நிரம்பி முடிந்ததும் சத்தம் சட்டென்று அடங்க வேண்டும். அடங்காமல் மெல்லிய சீறலாகத் தொடர்ந்தாலோ, அடங்கிய பிறகு யாரும் தொடாமலே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாக நிரம்பினாலோ கோளாறு இருக்கிறது. இந்த இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு கோளாறுகள்.

சத்தமே கேட்காமலும் ஒழுகலாம். கழிப்பறைக் கோப்பையின் பின்சுவரில் ஒரு உலர்ந்த டிஷ்யூ தாளை ஒட்டிப் பாருங்கள். பிளஷ் செய்து அரை மணி நேரம் கழித்து, சுவரைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். மேலிருந்து கோடாக நனைந்து வந்தால் டேங்கிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மூடியைத் திறந்து பார்த்தா ஒண்ணுமே புரியல. உள்ளே என்னதான் இருக்கு?

முதலில் மூடியைப் பற்றி. பட்டன் மேலே இருக்கும் டேங்குகளில் பட்டனைச் சுற்றியுள்ள வளையம்தான் மூடியைப் பிடித்திருக்கும். அந்த வளையத்தை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். மூடியை வலுவாக இழுத்தால் பீங்கானில் விரிசல் விழுந்துவிடும், அதனால் நிதானமாகத் தூக்குங்கள்.

உள்ளே இரண்டே இரண்டு கருவிகள். ஓரமாக நிற்பது ஃபில் வால்வு. அதில் தண்ணீர் வருகிறது. அதோடு ஒரு மிதவை இணைந்திருக்கும். தண்ணீர் உயர உயர மிதவையும் உயர்ந்து, குறித்த மட்டத்தில் வால்வை மூடிவிடும். நடுவில் உயரமாக நிற்பது பிளஷ் வால்வு. அதன் வழியாகத் தண்ணீர் கோப்பைக்குப் போகிறது. அதன் அடியில் ஒரு ரப்பர் அல்லது சிலிக்கான் வாஷர் உட்கார்ந்து வாயை அடைத்திருக்கும். பட்டனை அழுத்தினால் வாஷர் மேலே எழும். சின்ன பட்டனுக்குச் சுமார் 3 லிட்டர் போனதும், பெரிய பட்டனுக்குச் சுமார் 6 லிட்டர் போனதும் அது மறுபடி கீழே உட்காரும். சில பழைய டேங்குகளில் இந்த அளவு இன்னும் கூடுதல்.

பிளஷ் வால்வின் நடுக்குழாய் உள்ளே வெறுமையாக இருக்கும், மேல் முனை திறந்திருக்கும். அதுதான் ஓவர்ஃப்ளோ. தண்ணீர் அளவு மீறினால் தரையில் கொட்டாமல் இந்தக் குழாய் வழியாகக் கோப்பைக்குள் இறங்கிவிடும். வெளியே சொட்டாமல் உள்ளே ஓடிக்கொண்டே இருப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

கோளாறு மிதவையிலா, கீழே வாஷரிலா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தண்ணீர் தப்பிப் போக இரண்டு வழிகள்தான். ஒன்று மேலே, ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வழியாக. மற்றது கீழே, வாஷரின் அடி வழியாக. மேலே போனால் குற்றவாளி ஃபில் வால்வு அல்லது மிதவை. கீழே போனால் வாஷர், அது உட்காரும் இடம், அல்லது அதை உட்காரவிடாமல் பிடித்திருக்கும் ஏதோ ஒன்று.

டேங்க் நிரம்பிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயின் விளிம்பைத் தொட்டு உள்ளே வழிந்தால் மிதவைப் பக்கம்தான் பிரச்சினை. தண்ணீர் விளிம்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே நின்றும் ஃபில் வால்வு அவ்வப்போது ஓடினால் கீழே ஒழுகுகிறது.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்றால் பென்சில் சோதனை செய்யுங்கள். டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயில் சுவரோரம் இருக்கும் ஆங்கிள் வால்வை முழுக்க மூடிவிட்டு, உள்சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அரை மணி நேரம் யாரும் பிளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டம் அசையாமல் இருந்தால், அல்லது ஓவர்ஃப்ளோ விளிம்பு வரை மட்டும் இறங்கி அங்கேயே நின்றால், வாஷர் நன்றாக இருக்கிறது. ஃபில் வால்வைப் பாருங்கள். விளிம்புக்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போனால் வாஷர் பக்கம் பாருங்கள். சமையலுக்குப் பயன்படும் நிறத்தைச் சில துளிகள் டேங்கில் விட்டும் இதை உறுதிசெய்யலாம். அரை மணி நேரத்தில் கோப்பையில் நிறம் தெரிந்தால் ஒழுகல் உண்டு. ஆனால் மேல் வழியா, கீழ் வழியா என்பதை நிறம் மட்டும் சொல்லாது. அதனால் எனக்குப் பென்சில் கோடுதான் மேல்.

யாரும் போகாதப்பவே டேங்க் தானா நிரம்புது. கொஞ்சம்தானே ஒழுகுது, விட்டுடலாமா?

எவ்வளவு ஒழுகுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு வீட்டு டேங்கையே எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 36 சென்டிமீட்டர் நீளம், 14 சென்டிமீட்டர் அகலம். பெருக்கினால் 504, அதாவது மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் அரை லிட்டர் போயிருக்கிறது. அந்த டேங்கில் தண்ணீர் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு 3 சென்டிமீட்டர் கீழேதான் நின்றது. ஆங்கிள் வால்வை மூடிப் பென்சில் கோடு போட்டதில் அரை மணி நேரத்தில் மட்டம் 2 சென்டிமீட்டர் இறங்கியது. அரை மணிக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு நாளுக்கு 48 லிட்டர். எட்டு முழு பிளஷுக்கு ஆகும் தண்ணீர் அது.

தண்ணீர் விளிம்பைத் தொடவே இல்லை என்பதால் மிதவையைச் சந்தேகிக்க இடமில்லை. பிளஷ் வால்வைக் கழற்றிப் பார்த்தபோது வாஷரின் அடியில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது, அது உட்காரும் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிவும் இருந்தது. படிவை மட்டும் சுத்தம் செய்து பழைய வாஷரையே மாட்டியதில் இறக்கம் அரை மணிக்கு அரை சென்டிமீட்டராகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. புது வாஷர் போட்ட பிறகு கோடு அப்படியே நின்றது. இரண்டும் சேர்ந்துதான் ஒழுகலை உண்டாக்கியிருந்தன. உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் இது அடிக்கடி நடப்பது.

தண்ணி ஓவர்ஃப்ளோ வழியா வழியுது. மிதவையை எப்படி இறக்கி வைக்கிறது?

மிதவையைத் தொடுவதற்கு முன் அதை விரலால் மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கியதும் தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நன்றாக இருக்கிறது, மிதவையின் உயரம்தான் தவறு. தூக்கியும் நிற்கவில்லை என்றால் உயரத்தை மாற்றிப் பயனில்லை, அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இப்போது வரும் பெரும்பாலான ஃபில் வால்வுகளில் மிதவைக்குப் பக்கத்தில் ஒரு நீளமான திருகு இருக்கும். அதைத் திருகினால் மிதவை ஏறும் அல்லது இறங்கும். எந்தப் பக்கம் திருகினால் இறங்குகிறது என்பது ஒவ்வொரு வகைக்கும் மாறும், இரண்டு சுற்று திருகி மிதவையைக் கவனித்தாலே தெரிந்துவிடும். சில வகைகளில் திருகுக்குப் பதிலாக ஒரு கிளிப் இருக்கும். அதை அழுத்திப் பிடித்து மிதவையை நகர்த்த வேண்டும். கம்பி முனையில் பந்து இருக்கும் பழைய வகையானால், பித்தளைக் கம்பியை மெல்லக் கீழ்நோக்கி வளைத்தால் போதும்; பிளாஸ்டிக் கம்பியை வளைக்காதீர்கள், முறிந்துவிடும். தண்ணீர் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். டேங்கின் உள்சுவரில் மட்டக்கோடு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒருமுறை முழு பிளஷ் செய்து, நிரம்பி நிற்கும் வரை காத்திருந்து பாருங்கள். மிதவை டேங்க் சுவரிலோ பிளஷ் வால்விலோ உரசுகிறதா என்பதையும் அப்போதே கவனியுங்கள். உரசும் மிதவை ஒருநாள் சரியாக நிற்கும், மறுநாள் நிற்காது. பலரைக் குழப்புவது இதுதான். ஃபில் வால்வை அடி நட்டோடு கொஞ்சம் திருப்பி இடைவெளி விட்டால் சரியாகும். பந்து வகையில் பந்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலும் அது உயராது. கழற்றிக் குலுக்கினால் சத்தம் கேட்கும். அதை மாற்றியே ஆக வேண்டும்.

மிதவையைத் தூக்கிப் பிடிச்சாலும் தண்ணி நிக்கல. புது வால்வு வாங்கணுமா?

உடனே வேண்டாம். ஃபில் வால்வின் தலைக்குள் ஒரு மெல்லிய ரப்பர் தகடு இருக்கிறது, அதை டயஃப்ரம் என்பார்கள். அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. மிதவை உயர்ந்து மேலே உள்ள சிறு வாயை மூடியதும், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் தகட்டின் பின்பக்கம் சேர்ந்து, குழாயின் அழுத்தத்தாலேயே தகட்டை அழுத்தி மூடிவிடும். துளையில் ஒரு மணல் துகள் சிக்கினால் பின்பக்க அழுத்தம் சேராது. தகட்டுக்கும் அது உட்காரும் விளிம்புக்கும் நடுவே துகள் இருந்தாலும் மூடாது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய பிறகும் குழாய் வேலை நடந்த பிறகும் திடீரென்று ஓடத் தொடங்கும் டேங்குகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைப் பிளஷ் செய்து காலியாக்குங்கள். ஃபில் வால்வின் தலைமூடியைத் திருகிக் கழற்றி, ரப்பர் தகடு எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துக்கொண்டு வெளியே எடுங்கள். வால்வின் வாய்க்கு மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, ஆங்கிள் வால்வைச் சில நொடிகள் திறந்து மூடினால் உள்ளே நிற்கும் மணல் அடித்துக்கொண்டு வந்துவிடும். டம்ளர் இல்லாமல் திறந்தால் தண்ணீர் கூரைவரை பாயும். தகட்டை ஓடும் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துத் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊசியால் துளையைப் பெரிதாக்க வேண்டாம், அதன் அளவில்தான் வால்வின் வேலையே இருக்கிறது. தகடு கிழிந்திருந்தாலோ உப்பிப் போயிருந்தாலோ அதை மட்டும் மாற்றலாம். உங்கள் வகைக்குத் தகடு தனியாகக் கிடைக்காவிட்டால் அப்போது முழு ஃபில் வால்வையும் மாற்றுங்கள்.

அடி வாஷரை மாத்த டேங்கையே கழட்டணுமா?

தேவையில்லை. ஆங்கிள் வால்வை மூடி டேங்கைக் காலியாக்கிவிட்டு, பிளஷ் வால்வை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பித் தூக்கினால் பெரும்பாலான வகைகளில் மேல்பாகம் கழன்று வந்துவிடும். அடிப்பாகம் டேங்கிலேயே இருக்கும். சில வகைகளில் திருப்புவதற்குப் பதிலாகப் பக்கத்தில் உள்ள இரண்டு கொக்கிகளை அழுத்த வேண்டும். வராத ஒன்றை வலுக்கட்டாயமாகத் திருகினால் அடிப்பாகமும் சேர்ந்து திரும்பி, கீழே புது ஒழுகலை உண்டாக்கிவிடும். இறுகியிருந்தால் எங்கே பிடிப்பு என்று பார்த்துத் திருப்புங்கள்.

வெளியே எடுத்த பாகத்தின் அடியில் வாஷர் வளையம் தெரியும். விரலால் தடவிப் பாருங்கள்: பள்ளம், சுருக்கம், கையில் கருப்பாக ஒட்டும் ரப்பர், எது இருந்தாலும் மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு எடுத்துப் போய் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பொருந்துவதை வாங்குங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிமன் மாறினாலும் வால்வு சரியாகப் பூட்டிக்கொள்ளாது. டேங்கின் அடியில் வாஷர் உட்காரும் விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள். உப்புப் படிவு வராவிட்டால் வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் வைத்துவிட்டுத் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்தால் அதன் வழியாகவே ஒழுகும். புது வாஷருக்கு வாசலின், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். பெட்ரோலியப் பொருள் ரப்பரை உப்பவைக்கும்.

கடைக்குப் போக முடியாத நாளில் பழைய வாஷரைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம், இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும் வகை என்றால் மட்டும். சில நாளுக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

எல்லாரும் பிளாப்பர்னு சொல்றாங்க. என் டேங்கில அப்படி எதுவும் இல்லையே?

பிளாப்பர் என்பது கீல் போட்ட ரப்பர் மூடி. ஒரு சங்கிலி அதைத் தூக்கும். பக்கவாட்டில் கைப்பிடி உள்ள டேங்குகளிலும், அவற்றை டூயல் பிளஷாக மாற்றிய சிலவற்றிலும் அது இருக்கும். மேலே இரண்டு பட்டன் உள்ள டேங்குகளில் பெரும்பாலும் அந்த வேலையை மேலே சொன்ன வாஷர்தான் செய்கிறது.

உங்களுடையது பிளாப்பர் வகை என்றால் சங்கிலியை முதலில் பாருங்கள். மூடி கீழே உட்கார்ந்திருக்கும்போது சங்கிலியில் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் தளர்வு வேண்டும். இழுத்துப் பிடித்திருந்தால் மூடி முழுக்க உட்காராது. அதிகம் தளர்ந்திருந்தால் சங்கிலியே மூடிக்கு அடியில் சிக்கும். சங்கிலி சரியாக இருந்தும் ஒழுகினால் மூடியை விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் நின்றால் ரப்பர் வளைந்துவிட்டது, மாற்றுங்கள். 2 அங்குலம், 3 அங்குலம் என்று அளவுகள் உண்டு, கீழே உள்ள துளையை அளந்து வாங்குங்கள்.

புது வாஷர் போட்டும் ஒழுகுது. இப்ப என்ன?

மூடியையும் பட்டனையும் கழற்றி வைத்துவிட்டுப் பென்சில் சோதனையை மறுபடி செய்யுங்கள். இப்போது ஒழுகவில்லை என்றால் வாஷர்மேல் பழியில்லை. பட்டனிலிருந்து இறங்கும் தண்டு நீளமாக இருந்து, மூடியை வைத்ததும் வால்வை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருக்கிறது. தண்டைத் திருகி, பட்டனைத் தொடாதபோது 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி குறைத்துவிடுங்கள். தண்டுக்குப் பதிலாகக் கேபிள் உள்ள வகையானால் கேபிள் மடங்காமல், இழுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூடி இல்லாமலும் ஒழுகினால் மட்டம் எங்கே போய் நிற்கிறது என்று காத்திருந்து கவனியுங்கள். அடிவரை இறங்கினால், வால்வின் மேல்பாகம் முழுக்கப் பூட்டாமல் இருக்கலாம். அல்லது அடிப்பாகத்துக்கும் பீங்கானுக்கும் நடுவே உள்ள பெரிய வாஷர் போயிருக்கலாம். அந்தப் பெரிய வாஷருக்கு மட்டும்தான் டேங்கைக் கழற்ற வேண்டியிருக்கும். பாதி உயரத்தில் வந்து நின்றுவிட்டால் ஓவர்ஃப்ளோ குழாயில் அந்த மட்டத்தில் ஒரு விரிசலோ இணைப்பு வளையத்தில் தேய்மானமோ இருக்கிறது. இதை வாஷர் மாற்றி ஒருநாளும் சரிசெய்ய முடியாது.

சின்ன பட்டன் அழுத்தினா நின்னுடுது, பெரிய பட்டன் அழுத்தினாதான் ஓடிக்கிட்டே இருக்கு. ஏன்?

இரண்டு பட்டனுக்கும் வாஷர் ஒன்றுதான். சின்ன பட்டனில் நிற்கிறது என்றால் வாஷர் நன்றாக அடைக்கிறது என்று பொருள். பெரிய பட்டன் வால்வை முழு உயரத்துக்குத் தூக்குகிறது; அங்கிருந்து இறங்கி வரும் பாதையில் உப்புப் படிந்து சிக்குகிறது. அல்லது பெரிய பட்டனின் தண்டு மட்டும் நீளமாக இருக்கிறது. அதற்கு மேலே சொன்ன இடைவெளிதான் மருந்து. வால்வின் மேல்பாகத்தைக் கழற்றி, வாஷரை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பாகத்தை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் சிக்கல் நீங்கும்.

பகல்ல சரியா இருக்கு, ராத்திரி மட்டும் ஓடுது. இது எப்படி?

இரவில் மற்ற குழாய்கள் மூடியிருப்பதால் உங்கள் டேங்குக்கு வரும் அழுத்தம் கூடுகிறது. தேய்ந்துபோன ஃபில் வால்வு பகலில் தாங்கும், இரவில் தாங்காமல் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும். காலைக்குள் மட்டம் ஓவர்ஃப்ளோவைத் தொட்டுவிடும். ஆங்கிள் வால்வைப் பாதி மூடி வைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். அதனால் டேங்க் மெதுவாக நிரம்புமே தவிர, சொட்டும் அளவு ஓட்டத்தில் வால்வுமேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய அதேதான். மட்டத்தை ஒரு சென்டிமீட்டர் குறைத்துப் பாருங்கள். அப்போதும் காலையில் தண்ணீர் விளிம்பில் நின்றால் டயஃப்ரத்தை மாற்றுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மேல்நிலைத் தொட்டி டேங்குக்கு ஒரு மீட்டர் உயரத்தில் மட்டும் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.1 பார்தான். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சில டயஃப்ரம் வால்வுகள் முழுதாக மூடுவதில்லை. குறைந்த அழுத்தத்துக்கென்றே தயாராகும் ஃபில் வால்வு தேவை.

டேங்குக்குள்ள போடுற நீல மாத்திரை நல்லதா?

வாஷருக்கு நல்லதல்ல. குளோரின் உள்ள மாத்திரைகள் டேங்கில் கரைந்து நாள் முழுக்க ரப்பரோடு கிடக்கின்றன, வாஷரும் டயஃப்ரமும் விறைத்துப் போகின்றன. கையில் கருப்பாக ஒட்டும் வாஷர்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம். கிருமிநாசினியை நேராகக் கோப்பையில் ஊற்றித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

எங்க டேங்க் சுவருக்குள்ள இருக்கு. அதையும் நாமே பார்க்கலாமா?

பார்க்கலாம். பட்டன் தகடுதான் அதன் வாசல். தகட்டை மேல்நோக்கித் தள்ளியோ கீழ் ஓரத்தில் நெம்பியோ எடுத்தால் உள்ளே ஒரு பாதுகாப்பு மூடி இருக்கும், அதைக் கழற்றினால் கை நுழையும் அளவுக்கு வழி கிடைக்கும். தண்ணீரை மூடும் குழாய் பெரும்பாலும் உள்ளேயே மேற்புறம் இருக்கும். ஃபில் வால்வும் பிளஷ் வால்வும் அந்த வாசல் வழியாகவே வெளியே வரும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன, டைல்ஸ் உடைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் டேங்கின் உடலிலேயே விரிசல் விழுந்து சுவரில் ஈரம் தெரிந்தால் அது வேறு வேலை, அங்கே பிளம்பரைக் கூப்பிடுங்கள்.